மாயாமாளவகௌளையிலிருந்து சங்கராபரணத்துக்கு: ஒவ்வொரு சுரமாக மாறும் ஒரு பியானோ பின்னல்

(கே.ஜி.கண்டிகையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம். சுர வரிகள் வரும் இடங்களில் மேடையிலிருந்த பியானோவில் வாசித்துக் காட்டப்பட்டது.)



திருத்தணி மலைக்கு இவ்வளவு அருகில் உட்கார்ந்து இசையைப் பற்றிப் பேசும்போது முத்துசாமி தீட்சிதரிடமிருந்து தொடங்குவதுதான் முறை. காசியிலிருந்து திரும்பி மணலிக்கு வந்தவர், இந்த மலைக்கு வந்து முருகன் சன்னிதியில் தம் முதல் கீர்த்தனையைப் பாடினார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. அந்தக் கீர்த்தனை 'ஸ்ரீ நாதாதி குருகுஹோ'. ராகம் மாயாமாளவகௌளை. அதே தீட்சிதருக்கு இன்னொரு முகமும் உண்டு. மணலி முத்துக்கிருஷ்ண முதலியார் ஆதரவில் இருந்த காலத்தில் சென்னைக் கோட்டையில் வாசித்த வெள்ளையர் பேண்டு வாத்திய இசையைக் கேட்டு, அந்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். அவற்றைத்தான் நோட்டுஸ்வரம் என்கிறோம். ஆங்கிலேயரின் அரச வாழ்த்துப் பாட்டு மெட்டிலேயே 'ஸந்ததம் பாஹிமாம்' இருக்கிறது. அந்த உருப்படிகளின் ராகம் சங்கராபரணம்.

இந்த இரண்டு ராகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாயாமாளவகௌளை 15-ஆவது மேளம், சங்கராபரணம் 29-ஆவது மேளம். எண்ணில் இடைவெளி பெரிது. சுரத்தில் பார்த்தால் இரண்டே இரண்டுதான் வேறு. மாயாமாளவகௌளையின் சுத்த ரிஷபம் சதுஸ்ருதி ரிஷபமாக வேண்டும், சுத்த தைவதம் சதுஸ்ருதி தைவதமாக வேண்டும். காந்தாரம், மத்திமம், பஞ்சமம், நிஷாதம் எல்லாம் இருக்கிற இடத்திலேயே இருக்கும். பியானோவில் சொன்னால், நடு ஸி-யை ஸட்ஜமாக வைத்துக்கொண்டால், இரண்டு கறுப்புக் கட்டைகளிலிருந்து விரலை எடுத்து அவற்றுக்கு வலப்பக்கத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டைகளில் வைத்தால் போதும்.

இன்று நான் பேசப்போவது இந்த இரண்டு அடி தூரத்தைப் பற்றித்தான். எட்டுச் சுரம் கொண்ட ஒரு சின்னப் பின்னலை எடுத்துக்கொண்டு, அதைத் திரும்பத் திரும்ப வாசித்தபடியே, ஒரு நேரத்தில் ஒரே ஒரு சுரத்தை மட்டும் மாற்றி, தீட்சிதரின் திருத்தணி ராகத்திலிருந்து அவருடைய நோட்டுஸ்வர ராகத்துக்குப் போய்ச் சேர்வது எப்படி? அப்படி ஒரு பியானோ உருப்படியை எழுதும்போது என்னென்ன முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது?

இந்த வகை இசைக்கு மேற்கில் மினிமலிசம் என்று பெயர். சென்ற நூற்றாண்டின் அறுபதுகளில் அமெரிக்காவில் உருவானது. அது உருவான கதையில் நம் இசைக்கும் பங்கு உண்டு. பிலிப் கிளாஸ் பாரிஸில் நாடியா பூலான்ஜேயிடம் படித்துக்கொண்டிருந்த நாட்களில், 'சாப்பகுவா' என்ற படத்துக்காக ரவிசங்கரின் இசையை ஐரோப்பிய வாத்தியக்காரர்கள் வாசிக்கும்படி ஐந்து கோட்டில் எழுதித் தரும் வேலை அவருக்குக் கிடைத்தது. எழுதி வாசிக்கச் சொன்னால் அழுத்தம் தவறான இடத்தில் விழுந்தது. தபலாவோடு இருந்த அல்லா ரக்கா அதை ஏற்கவில்லை. கடைசியில் கிளாஸ் மாத்திரைக் கட்டங்களைப் பிரிக்கும் நெடுங்கோடுகளையெல்லாம் அழித்துவிட்டார். அழித்த பிறகு எதிரே தெரிந்தது இரண்டும் மூன்றுமாகக் கூடி ஓடுகிற சுரங்களின் ஓட்டம். 1968-இல் அவர் எழுதிய 'டூ பேஜஸ்' ஐந்து சுரத்தோடு தொடங்கி, ஒவ்வொன்றாகக் கூட்டியும் குறைத்தும் நீள்கிறது. யதி தெரிந்தவர்களுக்கு, கோபுச்சம் தெரிந்தவர்களுக்கு, இது அந்நியமாகப் படாது.

ஸ்டீவ் ரைக் வேறு வழியில் போனார். 1967-இல் அவர் எழுதிய 'பியானோ ஃபேஸ்' இரண்டு பியானோவுக்கானது. முதல் பகுதியில் பன்னிரண்டு சுரம் கொண்ட ஒரு பின்னல். அதில் வருகிற வெவ்வேறு சுரம் ஐந்துதான். இருவரும் ஒன்றாக வாசிக்கத் தொடங்குவார்கள். ஒருவர் அப்படியே இருப்பார், மற்றவர் மெல்ல மெல்ல வேகம் கூட்டி, சரியாக ஒரு சுரம் முன்னே போய்ப் பூட்டிக்கொள்வார். பிறகு இன்னொரு சுரம். பன்னிரண்டு முறை இப்படி நகர்ந்தால் மறுபடி இருவரும் ஒன்றாகிவிடுவார்கள். எழுதிய சுரம் எதுவும் மாறவில்லை, ஆனால் காதில் விழுவது மாறிக்கொண்டே இருக்கிறது.

கிளாஸ் நீளத்தை மாற்றினார், ரைக் பொருத்தத்தை மாற்றினார். நான் இன்று எடுத்துக்கொள்வது மூன்றாவது வழி. நீளம் மாறாது; எட்டு எட்டாகவே இருக்கும். வாசிப்பவர் ஒருவர்தான். மாறுவது, எட்டு இடங்களில் ஏதோ ஓர் இடத்தில் இருக்கும் சுரம் மட்டும். திருப்புகழ் பாடுகிறவர்களுக்கு இது பழகிய உணர்வு. டிசம்பர் 31 இரவு வள்ளிமலை சுவாமிகள் தொடங்கிவைத்த படித்திருவிழாவில் இந்த மலையின் 365 படிகளிலும் பாடிக்கொண்டே ஏறுகிறவர்கள், சந்தம் மாறாமல் இருக்க அதன் மேல் சொல் மட்டும் மாறுவதை உடம்பாலேயே அறிந்தவர்கள்.

முதல் வேலை, பின்னலைத் தேர்ந்தெடுப்பது. நான் வைத்துக்கொண்டது இது:

ஸ க ப த1 ப ம க ரி1

மூன்று காரணங்களுக்காக இதை எடுத்தேன். முதலாவது, இது சுழலும்போது தையல் தெரிவதில்லை. கடைசிச் சுரமான ரி1 முதல் சுரமான ஸ-வுக்கு ஒட்டி அரைச்சுர தூரத்தில் இருக்கிறது. அதனால் முடிவு தானாகவே தொடக்கத்தில் போய் விழுகிறது. இத்தகைய உருப்படியில் எட்டாவது சுரத்துக்கும் முதல் சுரத்துக்கும் நடுவே பெரிய தாவல் இருந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அந்தத் தாவல்தான் கேட்கும். நூறு முறை சுழலும்போது அது ஒரு தட்டலாகவே மாறிவிடும், வேறு எந்த நுட்பமான மாற்றமும் எடுபடாது.

இரண்டாவது காரணம், நான் மாற்றவேண்டிய இரண்டு சுரங்களும் ஒரே மாதிரியான இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. தைவதம் நான்காவது இடம், ரிஷபம் எட்டாவது இடம். சரியாக அரைச் சுற்று வித்தியாசம். த1 தனக்கு அடுத்த ப-வின் மேல் சாய்கிறது, ரி1 தனக்கு அடுத்த ஸ-வின் மேல் சாய்கிறது. ஒரே அசைவு இரண்டு தடவை நடக்கிறது.

மூன்றாவது காரணம் விரல். வேகமாக, இடைவிடாமல் சில நிமிடம் வாசிக்க வேண்டிய பின்னலில் விரல் ஒழுங்கு முதலிலேயே அமைந்துவிட வேண்டும். இறங்கும்போது ம-வைச் சுட்டுவிரலும் க-வைக் கட்டைவிரலும் வாங்கிக்கொள்ள, சுட்டுவிரல் கட்டைவிரலைத் தாண்டி ரி-யைத் தொடும், பிறகு கட்டைவிரல் ஸ-வுக்கு நகரும். ரி1 கறுப்புக் கட்டையானாலும், பின்னால் ரி2 வெள்ளைக் கட்டையானாலும், விரல் மாற வேண்டியதில்லை. சுரம் மாறும் நேரத்தில் விரலும் மாறினால் கை ஒரு கணம் தயங்கும். கேட்பவர் சுரமாற்றத்தைக் கேட்பதற்கு முன் தயக்கத்தைக் கேட்டுவிடுவார்.

இப்போது ராகத்தின் அமைப்பை ஒரு நிமிடம் பார்ப்போம், ஏனென்றால் உருப்படியின் உயிர் அங்கேதான் இருக்கிறது. மாயாமாளவகௌளையின் கீழ்ப்பாதி ஸ ரி1 க ம. மேல்பாதி ப த1 நி ஸ. இரண்டிலும் சுர இடைவெளிகளை அரைச்சுரக் கணக்கில் எண்ணுங்கள்: ஒன்று, மூன்று, ஒன்று. மேலேயும் அதேதான். இரண்டு பாதியும் அச்சு அசல் ஒன்று. பிள்ளைகளுக்கு ஸரளி வரிசையை இந்த ராகத்தில் சொல்லித் தருவதற்கு இந்தச் சமன் உதவுகிறது. கீழே பழகிய அசைவு மேலேயும் வரும். சங்கராபரணத்தையும் அப்படி எண்ணுங்கள். கீழே இரண்டு, இரண்டு, ஒன்று. மேலேயும் இரண்டு, இரண்டு, ஒன்று. இதுவும் சமன்.

ஆனால் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு நேரத்தில் ஒரு சுரம் என்று போனால், நடுவில் ஓர் இடத்தில் நின்றாக வேண்டும். தைவதத்தை மட்டும் மாற்றினால் 17-ஆவது மேளமான சூரியகாந்தம். ரிஷபத்தை மட்டும் மாற்றினால் 27-ஆவது மேளமான சரசாங்கி. இந்த இரண்டிலும் மேல்பாதி ஒரு மாதிரி, கீழ்ப்பாதி வேறு மாதிரி. சமனான ஓர் இடத்திலிருந்து சமனான இன்னோர் இடத்துக்குச் சமனற்ற வழியாகத்தான் போக முடியும். உருப்படியை முன்னே இழுப்பது இந்தச் சமனின்மைதான். மெட்டு இல்லை, சாகித்தியம் இல்லை, சத்தம் கூடுவதும் குறைவதும் இல்லை. ஒரு பாதி மாறிவிட்டது, மறுபாதி இன்னும் மாறவில்லை என்கிற நிலைமை மட்டுமே கேட்பவரை உட்கார வைக்கிறது.

இரண்டே மாற்றம் என்றால் உருப்படி இரண்டே அடியில் முடிந்துவிடுமே என்று கேட்கலாம். அப்படி எழுதிப் பார்த்தால் ஒரு குறை தெரியும். முதல் பின்னலில் நிஷாதமே இல்லை. நிஷாதம் இல்லாதவரை அது 13-ஆவது மேளமா, 14-ஆவதா, 15-ஆவதா என்று காது தீர்மானிக்க முடியாது. புறப்படும் ஊர் எது என்று தெரியாதவருக்குப் பயணம் எப்படிப் புரியும்? ஆகவே முதலில் ராகத்தை நிறுவ வேண்டும். மூன்றாவது இடத்திலுள்ள ப-வை நி ஆக்குகிறேன்.

ஸ க நி த1 ப ம க ரி1

ஒரு சுரம்தான் மாறியது. ஆனால் பின்னலின் உருவமே வேறாகிவிட்டதைக் கவனியுங்கள். முதல் பின்னலில் சுரங்கள் ஏறி, த1 என்ற உச்சியைத் தொட்டு, இறங்கின. காது அதை நான்கும் நான்குமாகப் பிரித்தது. இப்போது மூன்றாவது இடத்திலிருந்து கடைசி வரை நி த ப ம க ரி என்று அவரோகணம் முழுதாக வந்துவிட்டது. காது இதை இரண்டும் ஆறுமாகப் பிரிக்கிறது. இந்த வகை எழுத்தில் நான் மிகவும் மதிக்கிற விஷயம் இதுதான்: ஒரு சுரத்தை மாற்றும்போது அந்தச் சுரம் மட்டும் மாறுவதில்லை, பக்கத்திலிருக்கும் மாறாத சுரங்கள் எந்தக் குழுவைச் சேர்ந்தவை என்பதும் மாறுகிறது. எந்த இடத்தை மாற்றுவது என்று முடிவு செய்யும்போது, புதிய சுரம் இனிமையா என்று மட்டும் பார்த்தால் போதாது. மற்ற ஏழும் புதிதாக எப்படிக் கூடும் என்று பார்க்க வேண்டும்.

அடுத்து இரண்டாவது இடம், க ப-வாகிறது.

ஸ ப நி த1 ப ம க ரி1

இதற்கு ஒரு காரணம் உண்டு. முந்தைய வடிவத்தில் க-விலிருந்து நி-க்குப் போன தாவல் உரத்துக் கேட்டது. நடுவில் ப வந்ததும் ஏற்றம் படிப்படியாகிறது. கவனம் தாவலிலிருந்து விலகி, நி-க்கும் த1-க்கும் நடுவே இருக்கிற அகன்ற இடைவெளியில் போய் நிற்கிறது. அடுத்த மாற்றம் நடக்கப்போவது அங்கேதான். எங்கே மாறப்போகிறதோ அங்கே காதை முன்னதாகவே கொண்டுபோய் வைப்பது எழுதுகிறவரின் பொறுப்பு.

இப்போது நான்காவது இடம்.

ஸ ப நி த2 ப ம க ரி1

இது சூரியகாந்தம். மேல்பாதி வெளிச்சமாகிவிட்டது, நி த ப மூன்றும் சம தூரத்தில் இறங்குகின்றன. கீழே க-வுக்கும் ரி1-க்கும் நடுவே பழைய அகன்ற இடைவெளி அப்படியே இருக்கிறது. முன்பு இரட்டையாக இருந்த சாய்வில் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது. துணை போன பிறகு அந்த ரி1 முன்பைவிடக் கூர்மையாகக் கேட்கும். அதை நாம் தொடவே இல்லை.

தைவதத்தை முதலிலும் ரிஷபத்தைப் பிறகும் வைத்ததற்குக் காரணம் தையல்தான். ரி1-இலிருந்து ஸ-வுக்கு விழும் அரைச்சுரம்தான் சுற்று எங்கே தொடங்குகிறது என்று காதுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது. அது போய்விட்டால் சமம் மங்கிவிடும். சுற்று மனத்தில் நன்றாகப் பதிந்த பிறகுதான் அந்தப் பிடியை விடலாம். விடுகிற இடம் இது:

ஸ ப நி த2 ப ம க ரி2

சங்கராபரணம். எல்லாம் வெள்ளைக் கட்டை. இங்கேயே நிறுத்திவிடலாம். நான் நிறுத்தவில்லை, ஏனென்றால் புறப்பட்ட பின்னலும் சேர்ந்த பின்னலும் வெவ்வேறு உருவத்தில் இருக்கின்றன. எது மாறியது என்பது அந்த இரண்டு சுரங்களில் மட்டும் தெரிய வேண்டுமானால் உருவத்தைப் பழையபடி மீட்டுத் தர வேண்டும். இரண்டாவது இடமும் மூன்றாவது இடமும் தம் பழைய சுரங்களுக்குத் திரும்ப வேண்டும். எதை முதலில் திருப்புவது? மூன்றாவதை முதலில் திருப்பினால் ஸ ப ப த2 என்று பஞ்சமம் அடுத்தடுத்து இரண்டு முறை வரும். நொடிக்கு ஆறு சுரம் ஓடும் வேகத்தில் ஒரே கட்டையை இரண்டு தடவை தட்டினால் திக்கியதுபோல் கேட்கும். வாசிப்பவர் தவறினார் என்றே கேட்பவர் நினைப்பார். எனவே இரண்டாவது இடம் முதலில்:

ஸ க நி த2 ப ம க ரி2

பிறகு மூன்றாவது இடம்:

ஸ க ப த2 ப ம க ரி2

முதல் பின்னல் அப்படியே இருக்கிறது, இரண்டு சுரம் மட்டும் வேறு. நிஷாதம் மறுபடி மறைந்துவிட்டதால் இது சங்கராபரணமா, 28-ஆவது மேளமான ஹரிகாம்போதியா என்ற கேள்வியும் திறந்தே கிடக்கிறது. புறப்பட்டபோது இருந்த தெளிவின்மை சேரும்போதும் இருக்கிறது. அதை நான் விரும்பியே விட்டிருக்கிறேன்.

ஆக மொத்தம் ஏழு வடிவம், ஆறு மாற்றம். இனி இடது கைக்கு வருவோம். வலது கை மட்டும் வாசித்தால் சிறிது நேரத்தில் காது பழகிச் சோர்ந்துவிடும். இடது கைக்குக் கொடுத்திருப்பது கீழ் ஸ்தாயியில் ஸ-வும் ப-வும் சேர்ந்த ஒரு தட்டு, அவ்வளவுதான். ஆனால் அதை எட்டுக்கு ஒரு முறை தட்டாமல் ஆறுக்கு ஒரு முறை தட்டுகிறேன். வலது கையின் எட்டும் இடது கையின் ஆறும் இருபத்து நான்கில் சந்திக்கும், அதாவது மூன்று சுற்றுக்கு ஒரு முறை. இந்த மூன்று சுற்றில் இடது கை விழும் இடங்கள், முதல் சுற்றில் ஒன்றும் ஏழும், இரண்டாவது சுற்றில் ஐந்து, மூன்றாவது சுற்றில் மூன்று. எல்லாம் ஒற்றைப்படை இடங்கள். நான்காவது இடத்திலும் எட்டாவது இடத்திலும் இடது கை ஒருபோதும் விழாது. ஆகையால் உருப்படியின் இரண்டு முக்கியமான மாற்றங்களும் அழுத்தம் இல்லாத இடத்திலேயே நடக்கின்றன. அறிவிப்பில்லாமல் வர வேண்டிய சுரத்துக்கு அதுதான் தகுந்த இடம்.

எத்தனை சுற்றுக்கு ஒரு முறை மாற்றுவது என்பதில்தான் பெரும்பாலான முயற்சிகள் கெடுகின்றன. மாற்றம் சீக்கிரம் வந்தால் கேட்பவர் அதைச் சங்கதியாக எடுத்துக்கொண்டு, அடுத்த சங்கதியை எதிர்பார்க்கத் தொடங்கிவிடுவார். நிதானமாக வரும் மாற்றத்தின் சுவை போய்விடும். மிகத் தாமதமானால் கவனம் கலைந்து, மாறியதே தெரியாது. மெட்ரோனோம் நிமிடத்துக்கு 90 தட்டு, ஒரு தட்டுக்கு நான்கு சுரம் என்று வைத்தால் நொடிக்கு ஆறு சுரம். மூன்று சுற்றுக்கு நான்கு நொடி. அந்தக் கணக்கில் நான் எழுதியிருக்கும் சுற்று எண்ணிக்கை வரிசையாக 25, 12, 12, 18, 24, 12, 23. கூட்டினால் 126 சுற்று, இரண்டு நிமிடம் நாற்பத்தெட்டு நொடி.

முதல் வடிவம் நீண்டிருப்பது காது அதைக் கற்றுக்கொள்வதற்காக. சூரியகாந்தத்துக்கு 18, அந்தச் சமனின்மை உறைக்க வேண்டும். சங்கராபரணத்துக்கு 24, அது சேருமிடம். இடையில் வரும் மூன்றும் வழிப்பாதை, 12 போதும்.

அந்த 25 என்ற ஒற்றைப்படை எண் வேண்டுமென்றே போட்டது. 24 என்று வைத்திருந்தால் ஒவ்வொரு மாற்றமும் இரண்டு கைகளும் சந்திக்கும் சுற்றில் வந்து விழும். அப்போது இடது கையின் தட்டு, இதோ மாறப்போகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடும். ஒரு சுற்று கூட்டி வைத்ததால் மாற்றம் எப்போதும் மூன்றில் இரண்டாவது சுற்றில் வருகிறது. மூன்றாவது இடத்தில் நி வரும் மாற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது வரும் முதல் சுற்றில் இடது கை ஐந்தாவது இடத்தில் மட்டும் விழுவதால் நி துணையில்லாமல் தனியே ஒலிக்கிறது. கேட்பவருக்கு ஒரு சந்தேகம். அடுத்த சுற்றில் இடது கை சரியாக மூன்றாவது இடத்தில் விழுகிறது. கீழே ஸ, மேலே நி, இரண்டும் உரசுகின்றன. சந்தேகம் உறுதியாகிறது.

மாற்றம் சரியான அளவில் இருக்கிறதா என்று சோதிக்க நல்ல வழி ஒன்று உண்டு. வாசித்துப் பதிவு செய்து, உருப்படியை அறியாத ஒருவரிடம் கொடுங்கள். ஏதோ மாறியது என்று தோன்றும்போதெல்லாம் மேசையில் ஒரு தட்டு தட்டச் சொல்லுங்கள். மாறிய அதே கணத்தில் தட்டினால் அந்த மாற்றம் கூர்மை மிகுந்தது. பெரும்பாலும் தாவல் பெரிதாக இருக்கும், அல்லது இடது கையோடு சேர்ந்து விழுந்திருக்கும். இரண்டு மூன்று சுற்று கழித்துத் தட்டினால் சரி. தட்டவே இல்லையென்றால் அதற்கு முந்தைய வடிவத்துக்குச் சுற்று போதவில்லை, பழசு பதியாதவருக்குப் புதுசு தெரியாது. கூடுதல் சுற்று போட வேண்டியது முந்தைய வடிவத்துக்குத்தான். பலரும் மாறிய வடிவத்தை நீட்டிப் பார்ப்பார்கள். அதனால் பயன் இருக்காது.

பெடலைப் பற்றி ஒரு சொல். வலது பெடலை மிதித்தபடியே இருந்தால் ரி1-உம் ஸ-வும் ஒன்றோடொன்று கலந்து சேறாகிவிடும். ஒவ்வொரு சமத்திலும் எடுத்து மிதித்தால் தையல் வெளியே தெரியும். இடது கை விழும்போதெல்லாம், அதாவது ஆறுக்கு ஒரு முறை, பெடலை மாற்றினால் சத்தமும் தெளிகிறது, தையலும் மறைந்தே இருக்கிறது. அதோடு, மாறிய சுரத்தைக் கொஞ்சம் அழுத்தி வாசிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும் என்ற ஆசை அது. அதை அடக்கவேண்டும். எட்டுச் சுரமும் ஒரே பலத்தில் இருந்தால்தான் கண்டுபிடிக்கும் இன்பம் கேட்பவருக்குக் கிடைக்கும்.

ராகப் பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தேன். சங்கீதம் அறிந்த பெரியவர்கள் இந்த அவையில் இருக்கிறீர்கள். பியானோவில் வருவது மாயாமாளவகௌளை ஆகுமா என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஆகாது. கமகம் இல்லாமல் ராகம் இல்லை, பியானோவின் கட்டையில் அசைவு இல்லை. சுருதியிலும் வேறுபாடு உண்டு. தம்புராவோடு சேர்ந்து நிற்கும் அந்தர காந்தாரத்தைவிடப் பியானோவின் காந்தாரம், ஓர் அரைச்சுரத்தின் ஏழில் ஒரு பங்கு அளவுக்கு உயர்ந்திருக்கிறது. ஆகவே இந்த உருப்படி ராக ஆலாபனைக்கு மாற்று ஆகாது. அது பயன்படுத்துவது மேளகர்த்தாத் திட்டத்தின் எலும்புக்கூட்டை மட்டும்: எந்த மேளத்துக்கும் எந்த மேளத்துக்கும் நடுவே ஒரே சுரம் வேறு என்கிற கணக்கை. அசையாத கட்டை உள்ள வாத்தியத்தில் அந்தக் கணக்கு ஒளிவுமறைவின்றிக் கேட்கிறது. குரலில் பாடினால் கமகம் அதை மூடிவிடும்.

காகிதத்தில் எழுதும் முறை எளிது. ஏழு வடிவத்துக்கும் ஏழு கட்டம், ஒவ்வொன்றுக்கும் மறுசுழற்சிக் குறி, மேலே சுற்று எண்ணிக்கை. இடது கையின் ஆறு கணக்கு இந்தக் கட்டங்களுக்குள் அடங்காது; அதைத் தனியாக மூன்று சுற்று நீளத்தில் ஒரு முறை எழுதி, இப்படியே தொடர்க என்று குறித்தால் போதும். வாசிப்பவர் எண்ணிக்கையை மனத்தில் வைத்துக்கொள்ளச் சமத்தை எண்ணாமல் சந்திப்பை எண்ணுவது நல்லது. 126-ஐ எண்ணுவது கடினம், 42 சந்திப்பை எண்ணலாம். கடைசிச் சுற்று முடியும்போது கைகள் சந்திக்க வேண்டிய இடம் வந்துவிடும். அங்கே வலது கையை எடுத்துவிட்டு இடது கையின் தட்டை மட்டும் ஒலிக்கவிடச் சொல்லி எழுதியிருக்கிறேன். வேகத்தைக் குறைத்து முடிக்கக் கூடாது. குறைத்தால் அதுவரை எந்திர ஒழுங்கில் ஓடியதற்கு மெட்டின் முடிவை ஒட்டவைத்ததுபோல் ஆகும்.

இங்கே கீபோர்டு பழகும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நீங்கள் மற்ற வழியை எழுதிப் பாருங்கள்: நான்காவது இடத்தை விட்டுவிட்டு எட்டாவது இடத்தை முதலில் மாற்றி, சரசாங்கி வழியாகச் சங்கராபரணம் போங்கள். நடுவடிவம் ஸ ப நி த1 ப ம க ரி2 என்று வரும். அங்கே சுற்றின் தொடக்கம் நழுவி, த1 ப-வில் விழும் ஐந்தாவது இடமே சமம்போல் கேட்கத் தொடங்கும். அதைத் தடுக்க விரும்பினால் இடது கையை ஆறிலிருந்து எட்டுக்கு மாற்றுங்கள், தட்டு சமத்திலேயே நிற்கும். தடுக்க விரும்பாவிட்டால் ஆறிலேயே விட்டுவிட்டு, சமம் இடம் மாறிக் கேட்கிற அந்தப் பகுதிக்கு 24 சுற்று கொடுங்கள். இரண்டு விதமாகவும் வாசித்துப் பதிவு செய்து, அடுத்தடுத்துக் கேட்டு, எதை வைத்துக்கொள்வது என்று நீங்களே முடிவு செய்யலாம்.